பிரெஞ்சு வீட்டாருக்கு நன்றி சொல்லி விடைபெறும் சிறு உரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் பிரான்சுக்குப் போய், ஒரு குடும்பத்தோடு பல மாதம் தங்கிப் படித்துவிட்டு ஊர் திரும்பும் பிள்ளைகள் கடைசி வாரத்தில் கேட்கும் கேள்விகள் இவை. பிரெஞ்சு வாக்கியங்களை எல்லாம் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன், பேசுவதற்கான உரை என்பதால். மூன்று குறிகளை மட்டும் நினைவில் வையுங்கள். ‘ங்’ வரும் இடத்தில் ஒலியை மூக்கு வழியாக விடுங்கள். ‘ங்’ என்று அழுத்தி மூட வேண்டாம். ‘ஃஸ’ என்றால் ரீங்கார ஒலியுள்ள ‘ஸ’. ‘ழ’ என்பது, ழான், ழாக் என்று பிரெஞ்சுப் பெயர்களைத் தமிழில் எழுதுகிறோமே, அந்த ஒலி.

எவ்வளவு நேரம் பேசலாம்? எப்போது எழுந்திருக்கணும்?

ஒன்றரை நிமிடம். இரண்டைத் தாண்ட வேண்டாம். பிரெஞ்சு வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். ஒருவரே நீளமாகப் பேசினால் நடுவில் யாராவது அன்பாகவே குறுக்கிடுவார்கள், உங்கள் அடுத்த வரி மறந்துபோகும்.

நல்ல இடம், சீஸ் தட்டு சுற்றி முடிந்து இனிப்பு வருவதற்கு முந்தைய இடைவெளி. முக்கிய உணவு சூடாக வந்திருக்கும்போது எழுந்தால் எல்லாரும் மரியாதைக்காக முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள், சமைத்தவரின் கண் தட்டு மேலேயே இருக்கும். தொடக்கத்தில் கோப்பையோடு நிற்கும் ‘அபெரோ’ நேரமும் சரிதான். ஆனால் அப்போது விருந்தினர் ஒவ்வொருவராக வந்துகொண்டிருப்பார்கள்.

வெறும் ‘மெர்சி’ சொன்னா போதாதா? எதுக்கெல்லாம் நன்றி சொல்றது?

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: உங்களை வைத்திருந்த குடும்பம் எந்த வகை? ஏஎஃப்எஸ், ரோட்டரி போன்ற திட்டங்களில் வீட்டார் பணம் வாங்குவதில்லை. தாமாக முன்வந்து ஒரு பிள்ளையைச் சேர்த்துக்கொள்கிறார்கள். மொழிப் பள்ளிகள் ஏற்பாடு செய்யும் வீடுகளில் பெரும்பாலும் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் கட்டணம் உண்டு. முதல் வகை என்றால் ‘உங்கள் வீட்டைத் திறந்துவிட்டீர்கள்’ என்ற நன்றிக்கே தனி எடை இருக்கிறது. இரண்டாம் வகை என்றால் அதை ஒரு வரியில் சொல்லிவிட்டு, கட்டணத்துக்கு அப்பால் அவர்கள் செய்ததைப் பேசுங்கள்: காய்ச்சலில் கிடந்தபோது சூப் வைத்துக் கொடுத்தது, பாட்டி வீட்டுக்கு உங்களையும் கூட்டிப்போனது.

எப்படியிருந்தாலும் பொது நன்றி இரண்டே வரி. மீதி உரை முழுக்க, அந்த வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒன்று. அவர் மட்டுமே செய்த ஒன்று. பத்துப் பேருக்குச் சொல்லக்கூடிய பாராட்டு உங்கள் வீட்டாருக்கு உறைக்காது. பிரெஞ்சுக்காரர்களுக்கு மிகையான புகழ்ச்சி கொஞ்சம் கூச்சமும் தரும். ‘உலகத்திலேயே சிறந்த குடும்பம் நீங்கள்தான்’ என்றால் சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்துகொள்வார்கள்.

ஒரு முழு உரை உதாரணமாக் கிடைக்குமா?

பிரித்தானி பகுதியில் கேம்பேர் நகருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி ஆண்டு தங்கிய தஞ்சாவூர் மாணவி ஒருத்தியின் உரையை எடுத்துக்கொள்வோம். அவள் முதலில் எழுதிக்கொண்டு வந்தது: உங்கள் உதவியை மறக்கவே மாட்டேன், உங்கள் உணவு அருமை, பிரெஞ்சுக் கலாச்சாரத்தைக் கற்றுக்கொண்டேன், நீங்கள் என் இரண்டாவது குடும்பம். ஒன்றும் தப்பில்லை. ஆனால் அந்த வீடு எங்கேயும் தெரியவில்லை.

‘அந்த வீட்டு அப்பா உனக்கு என்ன செய்தார்?’ என்று கேட்டேன். ‘பெரிதாக ஒன்றுமில்லை, தினமும் பஸ் நிறுத்தத்தில் காரில் விடுவார்’ என்றாள். எத்தனை மணிக்கு என்றால், காலை ஏழுக்கு. டிசம்பர், ஜனவரியில் பிரித்தானியில் எட்டு, எட்டரைக்கு மேல்தான் விடியும். அந்த இருட்டில் அவளைப் பஸ் ஏற்றிவிட்டு, பஸ் கிளம்பிய பிறகே அவர் காரைத் திருப்புவார். இதைத்தான் சொல்ல வேண்டும் என்று முடிவாயிற்று. அம்மாவிடமிருந்து, ‘பிலிக்’ என்கிற பெரிய வட்டக் கல்லில் கலெத் சுடக் கற்றிருந்தாள். அது கறுப்புக் கோதுமை மாவில் மெல்லிசாகச் செய்வது, நம்ம தோசை போல. கிழியாமல் திருப்புவதில்தான் வித்தை. தம்பி பத்து வயதுப் பையன், அவளுடைய உச்சரிப்பைத் திருத்திக்கொண்டே இருந்தவன்.

கடைசியில் அவள் பேசியது இது. புள்ளி வைத்த இடங்களில் அந்தந்த ஆளின் பெயர் வரும்.

> ஷேர் தூஸ், ழெ வூத்ரே தீர் கெல்க் மோ அவாங் லெ தெஸேர்.
>
> காங் ழெ ஸ்வி ஃஸாரிவே ஆங் செப்தாங்ப்ர், ழெ நெ கோங்ப்ரெனே ப்ரெஸ்க் ரியேங், ஏ ழெ திஃஸே வுயி ஆ தூ.
>
> …, த்யு மா அப்ரி ஆ ரெதூர்னே யூன் கலெத் சாங் லா தெஷிரே.
>
> …, தூ லே மாத்தேங் தீவேர், த்யு மா ஆங்மெனே ஓ கார், தாங் லெ ந்வார், ஏ த்யு அத்தாங்தே கெ ழெ மோங்த் அவாங் தெ ரெபார்தீர்.
>
> …, த்யு ஆ கொரிழே மோன் அக்சாங் சாங் ழாமே தெ மொக்கே தெ ம்வா. ஆங்ஃபேங், ப்ரெஸ்க் ழாமே.
>
> ழே எத்தே எரோஃஸ் ஷே வூ. மெர்சி தெ மவ்வார் அக்கொயி. மெர்சி பூர் வொத்ர் பஸியாங்ஸ்.
>
> வூ ஃஸாலே மெ மாங்கே. ஷே மே பராங், இல்யோரா தூழூர் யூன் ப்லாஸ் பூர் வூ.
>
> ழெ நெ வூ தி பா அத்யோ. ழெ வூ தி ஆ பியேங்தோ.

பொருள்: ‘அன்பானவர்களே, இனிப்புக்கு முன்னால் சில வார்த்தைகள் சொல்கிறேன். செப்டம்பரில் வந்தபோது எனக்கு ஏறக்குறைய ஒன்றுமே புரியவில்லை, எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். (அம்மாவிடம்) கலெத்தைக் கிழிக்காமல் திருப்பக் கற்றுக்கொடுத்தாய். (அப்பாவிடம்) குளிர்காலக் காலைகளில் எல்லாம் இருட்டில் என்னைப் பஸ்ஸுக்குக் கூட்டிப்போனாய். நான் ஏறும்வரை காத்திருந்து பிறகே கிளம்பினாய். (தம்பியிடம்) என் உச்சரிப்பைத் திருத்தினாய், ஒருநாளும் கேலி செய்யாமல். சரி, ஏறக்குறைய ஒருநாளும். உங்கள் வீட்டில் சந்தோஷமாக இருந்தேன். என்னைச் சேர்த்துக்கொண்டதற்கு நன்றி. உங்கள் பொறுமைக்கு நன்றி. நீங்கள் இல்லாதது எனக்குக் குறையாக இருக்கும். என் பெற்றோர் வீட்டில் உங்களுக்கு எப்போதும் இடம் உண்டு. போய்விடுகிறேன் என்று சொல்லவில்லை, சீக்கிரம் பார்ப்போம் என்றுதான் சொல்கிறேன்.’

அப்பா, தான் காத்திருந்ததை அவள் கவனித்திருப்பாள் என்றே நினைக்கவில்லை. அந்த வரியில்தான் மேஜை அமைதியானது. ‘எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன்’ என்ற வரிக்கு எல்லாரும் சிரித்தார்கள், அவர்களே அதை நேரில் பார்த்தவர்கள் அல்லவா. உங்கள் உரையிலும் முதல் வாரத்தின் குழப்பம் ஒன்றைத் தொடக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்த ஒரு வருடத்தில் நீங்கள் எவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள் என்பதை அது தானாகவே சொல்லிவிடும்.

வீட்டு அம்மா அப்பாவை ‘த்யு’ன்னு சொல்லலாமா? மரியாதைக் குறைவா இருக்காதா?

இத்தனை மாதமும் எப்படிக் கூப்பிட்டீர்களோ அப்படியே. பெரும்பாலான வீடுகளில் முதல் நாளிலோ முதல் வாரத்திலோ அவர்களே ‘த்யு’ சொல்லச் சொல்லிவிடுவார்கள். அப்படிச் சொன்ன பிறகு விடைபெறும் நாளில் மரியாதைக்காக ஒருவரைப் பார்த்து ‘வூ’ என்றால், திடீரென்று தள்ளி நிற்பது போல இருக்கும். நமக்கு ‘நீ’ என்று கேட்கும், உண்மைதான்; அவர்களுக்கு அது வீட்டுப் பிள்ளையின் பேச்சு. மாறாக, கடைசிவரை ‘வூ’ என்றே பேசிய வீடென்றால் உரையிலும் ‘வூ’தான்.

எல்லாரையும் சேர்த்துப் பேசும் வரிகளில் எப்படியும் ‘வூ’ வரும், அது பன்மை. மேலே உள்ள உரையில் ஆளைப் பார்த்துச் சொல்லும் வரிகள் ‘த்யு’வில், பொது வரிகள் ‘வூ’வில் இருப்பதைக் கவனியுங்கள். விருந்துக்குத் தாத்தா பாட்டி வந்திருந்து, அவர்களை ‘வூ’ என்று கூப்பிட்டுப் பழகியிருந்தால் அதை மாற்ற வேண்டாம்.

‘உங்களை மிஸ் பண்ணுவேன்’னு சொல்றதுல எல்லாரும் தப்பு பண்றாங்களாமே?

ஆமாம், இந்த உரையில் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். ஆங்கிலத்தில் யோசித்தால் ‘நான்’ என்று தொடங்கி ‘ழெ வே வூ மாங்கே’ என்று வந்துவிடும். அதற்குப் பொருள் தலைகீழ்: ‘நான் இல்லாமல் நீங்கள் ஏங்கப்போகிறீர்கள்’. வீட்டார் சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள், ஆனால் உருக்கமான வரி போய்விடும்.

தமிழில் யோசித்தால் இந்தச் சிக்கலே இல்லை. ‘நீங்கள் இல்லாதது எனக்குக் குறையாக இருக்கும்’ என்பதில் ‘நீங்கள்’ முதலில், ‘எனக்கு’ அடுத்து. பிரெஞ்சும் அதே வரிசைதான்: வூ (நீங்கள்), மெ (எனக்கு), மாங்கே (குறைபடுவது). ஒரே ஆளிடம் என்றால் ‘த்யு வா மெ மாங்கே’.

வேற எந்த இலக்கணத்தைக் கட்டாயம் பார்க்கணும்?

இரண்டு போதும். ‘மெர்சி பூர்’ என்றால் பின்னால் பெயர்ச்சொல்: பொறுமைக்கு, உதவிக்கு. ‘மெர்சி தெ’ என்றால் பின்னால் வினை, அதுவும் முடிந்த செயலாக: ‘மெர்சி தெ மவ்வார் அக்கொயி’. ‘மெர்சி பூர்’ போட்டு வினையை ஒட்டுவதுதான் வழக்கமான பிழை.

இரண்டாவது, நீங்கள் ஆணா பெண்ணா என்பது. காதுக்கு வித்தியாசம் கேட்கும் சொற்கள் சிலதான்: பெண் ‘எரோஃஸ்’ என்பாள், ஆண் ‘எரோ’ என்பான், ‘கோங்தாங்த்’, ‘கோங்தாங்’ அதே மாதிரி. ‘அரிவே’, ‘ஆங்மெனே’, ‘அக்கொயி’ எல்லாம் காதுக்கு ஒன்றுதான். ஆனால் எழுத்தில் பெண்ணுக்குக் கடைசியில் ஒரு ‘e’ கூடும். உரையை அட்டையில் எழுதி வீட்டில் விட்டுவிட்டு வரப் போகிறீர்கள் என்றால் இந்த மூன்றையும் சரிபாருங்கள், அந்த அட்டை பல வருடம் சமையலறைச் சுவரில் இருக்கும்.

உச்சரிப்பு பயமா இருக்கு. எதுல கவனம் வைக்கிறது?

நமக்கு உண்மையான சிக்கல் ‘ஸ’வும் ‘ஃஸ’வும்தான். தமிழ் எழுத்தில் இரண்டுக்கும் வேறுபாடு காட்டிப் பழக்கமில்லை, அதனால் வாயும் ஒன்றாக்கிவிடும். இந்த உரையிலேயே அது பொருளை மாற்றும் இடம் இருக்கிறது. முதல் வரியில் ‘தெஸேர்’ என்றால் இனிப்பு. அதையே ‘தெஃஸேர்’ என்று ரீங்காரமாகச் சொன்னால் பாலைவனம். ‘வூ ஃஸவே’ என்றால் ‘உங்களிடம் இருக்கிறது’, ‘வூ ஸவே’ என்றால் ‘உங்களுக்குத் தெரியும்’. சோதிக்க எளிய வழி உண்டு: தொண்டையில் விரல் வைத்துச் சொல்லுங்கள். ‘ஃஸ’வுக்கு அதிரும், ‘ஸ’வுக்கு அதிராது. ‘வூ ஃஸாலே மெ மாங்கே’யில் அதிர வேண்டும்.

அடுத்து ‘த்யு’. ‘ஈ’ என்று நாக்கை வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் ‘ஊ’ போலக் குவியுங்கள். அது ‘தூ’ என்று வந்துவிட்டால் ‘எல்லாம்’ என்ற சொல் ஆகிவிடும். அப்புறம், முதல் வரியில் ‘தூஸ்’ என்று ‘ஸ்’ ஒலிக்கிறது, ‘தூ லே மாத்தேங்’ என்னும்போது ஒலிக்கவில்லை. இரண்டும் சரி, ‘எல்லாரும்’ என்று தனியாக நின்றால் ஒலிக்கும், ‘எல்லாக் காலைகளும்’ என்று பெயருக்கு முன்னால் வந்தால் ஒலிக்காது.

தமிழ் எழுத்தில் நான் கொடுத்திருப்பது நினைவுக்கு மட்டும்தான். ‘தீர்’, ‘கலெத்’ போன்றவற்றில் முதல் எழுத்து ‘தயிர்’, ‘கல்’ போல வல்லோசை இல்லை, ‘தர்மம்’, ‘கங்கை’ போல மெல்ல வரும் என்பதை இந்த எழுத்து காட்டாது. பள்ளித் தோழர் யாரையாவது உரையைப் போனில் வாசித்துப் பதிவு செய்து தரச் சொல்லுங்கள். அதைக் கேட்டு, கூடவே சொல்லிப் பழகுங்கள். வீட்டார் யாரிடமும் கேட்காதீர்கள், அவர்களுக்குத்தானே உரை.

தவறிப்போயும் சொல்லக்கூடாத வார்த்தை ஏதாவது இருக்கா?

இருக்கிறது. ‘ஊருக்குப் போக ரொம்ப ஆவலாக இருக்கிறேன்’ என்பதற்கு ‘ழெ ஸ்வி எக்ஸித்தே’ என்று சொல்லாதீர்கள், பாலியல் பொருள் வந்துவிடும். ‘முத்தம்’ என்ற பெயர்ச்சொல்லான ‘பெஃஸே’யை வினையாக்கக் கூடாது, அது கொச்சை. ‘ழெ வூ ஃஸாங்ப்ராஸ்’ என்பதே வீட்டுப் பேச்சு. வயிறு நிறைந்துவிட்டது என்று சொல்ல ‘ப்லென்’ வேண்டாம். ஒரு பெண் அப்படிச் சொன்னால் சினைப்பட்ட விலங்கின் நினைவு வரும். ‘ழே பியேங் மாங்ழே’ போதும்.

‘அத்யோ’வையும் தனியாகச் சொல்லி முடிக்க வேண்டாம். இனி பார்க்கவே மாட்டோம் என்ற கனம் அதில் இருக்கிறது. தெற்குப் பிரான்சில் சில இடங்களில் சாதாரண வணக்கமாகவும் அதைச் சொல்வார்கள். நீங்கள் இருந்தது அங்கே என்றால் வீட்டார் பழக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

‘மமாங்’, ‘பப்பா’ன்னு கூப்பிட்டுப் பேசலாமா?

வீட்டில் அப்படித்தான் கூப்பிட்டீர்கள் என்றால் பேசுங்கள். உரைக்காகப் புதிதாகத் தொடங்க வேண்டாம். அவர்களுடைய சொந்தப் பிள்ளைகளும் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுவதுதான் அங்கே வழக்கம். குடும்பத்தை மொத்தமாகச் சொல்ல ‘ஃபாமீய் தாக்கொய்’ என்பது சரியான பெயர்தான், ஆனால் அது விண்ணப்பப் படிவத்தின் சொல். அரசு வழியாகப் பிள்ளைகளை வளர்க்கும் குடும்பங்களுக்கும் அதே பெயர். ‘மா ஃபாமீய் ஃப்ராங்ஸேஃஸ்’, என் பிரெஞ்சுக் குடும்பம், என்று சொல்லிப் பாருங்கள்.

ரோட்டரி திட்டத்துல நான் மூணு வீடு மாறினேன். எல்லாருக்கும் ஒரே உரையா?

ஒரே விருந்தில் மூன்று குடும்பமும் இருந்தால், ஒரு குடும்பத்துக்கு ஒரு வரி, தங்கிய வரிசையில். வரிகளின் நீளம் சமமாக இருக்கட்டும், அவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். தனித்தனியாக விடைபெறுகிறீர்கள் என்றால் தனித்தனி உரை, மற்ற வீடுகளின் பேச்சே வேண்டாம். கிளப் கூட்டத்தில் பேசச் சொன்னால் அது வேறு வகை உரை. அங்கே ‘வூ’ மட்டும்தான்.

வீட்டு அக்காவோட எனக்கு ஒத்தே வரலை. அவளுக்கும் ஏதாவது சொல்லணுமா?

சொல்லித்தான் ஆக வேண்டும். ஒருவரை மட்டும் விட்டுவிட்டால் அந்த மௌனம்தான் அன்றிரவு எல்லார் காதிலும் நிற்கும். பொய்யாகப் புகழவும் தேவையில்லை. அவள் உங்களுக்கு விட்டுக்கொடுத்த ஒன்று இருக்கும். உங்களுக்காகத் தன் அறையைப் பகிர்ந்திருப்பாள், குளியலறையில் அரைமணி நேரம் காத்திருந்திருப்பாள். ‘மெர்சி தெ மவ்வார் ப்ரெத்தே தா ஷாங்ப்ர்’, உன் அறையை எனக்குத் தந்ததற்கு நன்றி. இதில் பொய் எதுவும் இல்லை, அவளும் அதை ஏற்றுக்கொள்ள முடியும். பழைய சண்டைக்கு மன்னிப்புக் கேட்க வேண்டுமானால் முந்தின நாள் தனியாகக் கேளுங்கள், மேஜையில் வேண்டாம்.

நடுவுல அழுகை வந்துட்டா?

நிறுத்துங்கள். தண்ணீர் குடியுங்கள். ‘பார்தோங்’ என்று ஒரு சொல், அப்புறம் தொடருங்கள். யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். அழுகை எந்த வரியில் வரும் என்பது ஒத்திகையிலேயே தெரிந்துவிடும், பெரும்பாலும் ‘வூ ஃஸாலே மெ மாங்கே’தான். அதனால்தான் மேலே உள்ள உரையில் அதைக் கடைசிக்கு முன்னால் தள்ளி வைத்தோம். அங்கே குரல் உடைந்தாலும் சொல்ல வேண்டியது எல்லாம் சொல்லி முடிந்திருக்கும். அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தொடரவே முடியாவிட்டால் பக்கத்தில் இருப்பவர் மீதியை வாசிக்கலாம்.

பரிசை உரைக்கு முன்னாடி கொடுக்கணுமா, பின்னாடியா?

பின்னால். அங்கே பரிசை வாங்கியதும் எல்லார் முன்னாலும் பிரித்துப் பார்ப்பார்கள், அது மரியாதை. முன்னால் கொடுத்தால் காகிதம் பிரிக்கும் சத்தத்துக்கு நடுவில் நீங்கள் பேச வேண்டியிருக்கும்.

உரை முடிந்ததும் கோப்பையைத் தூக்குங்கள், அதில் பழச்சாறு இருந்தாலும் பரவாயில்லை. ‘ஆ வொத்ர் சாங்த்தே’ சொல்லி ஒவ்வொருவர் கோப்பையிலும் தட்டும்போது அவரவர் கண்ணைப் பார்க்க வேண்டும். கோப்பையைப் பார்த்துக்கொண்டே தட்டினால் பிரெஞ்சு வீடுகளில் உடனே சொல்லிக்காட்டுவார்கள். அப்புறம் கன்னத்தோடு கன்னம் வைக்கும் ‘பீஃஸ்’. எத்தனை தடவை, எந்தக் கன்னம் முதலில் என்பது ஊருக்கு ஊர் மாறும், அது இத்தனை மாதத்தில் உங்களுக்கே பழகியிருக்கும். பிறகு பரிசு, பிறகு இனிப்பு.

ஊருக்கு வந்த பிறகும் எழுதணுமா?

வந்து சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு அஞ்சலட்டை போடுங்கள், போனில் அனுப்பும் செய்தி தனி. உரையில் சொல்லாமல் விட்டுப்போன ஒன்றை அதில் எழுதலாம். தஞ்சாவூர் மாணவி வீட்டில் தோசைக்கல்லில் கலெத் சுட்டுப் பார்த்ததை எழுதினாள். கறுப்புக் கோதுமை மாவு கிடைக்காமல் ராகியில் செய்தாளாம், முதல் இரண்டும் கிழிந்துவிட்டன என்று.